விற்கவில்லையா, இருப்பில் இல்லையா? – விற்பனைக் கணக்கைப் படிப்பது எப்படி



விற்பனைப் பதிவேட்டில் வரவை எழுதுவது எப்படி, மாதக் கடைசியில் கூட்டல் போடுவது எப்படி என்றெல்லாம் பயிற்சிகளில் பார்த்திருக்கிறோம். எழுதிய கணக்கைப் படிப்பது எப்படி என்று இந்த இதழில் பார்க்கலாம். கணக்கைச் சரியாக எழுதிவிட்டு, தப்பாகப் படித்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பொருளை நிறுத்தப் பார்த்தோம். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறோம். தப்பாகப் படித்தவர்களில் நாங்களும் உண்டு.

நமது கூட்டமைப்பின் விற்பனை நிலையத்தில் பொடி வகைகளை ஒரே குழு போடுகிறது. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி என்று மூன்று. எல்லாம் 100 கிராம் பாக்கெட், விலை 50 ரூபாய். குழுவில் ஐந்து பேர் இந்த வேலை செய்கிறார்கள். பொடி அரைக்கும் மெஷினுக்கு வாங்கிய வங்கிக் கடனுக்கு மாதாமாதம் தவணை கட்ட வேண்டியிருக்கிறது.

டிசம்பர் முதல் வாரம் நடந்த செயற்குழுக் கூட்டத்தில் நவம்பர் மாத விற்பனையை வாசித்தார்கள். இட்லிப் பொடி 90 பாக்கெட், பருப்புப் பொடி 66, கறிவேப்பிலைப் பொடி 36. செப்டம்பரில் 70 விற்ற கறிவேப்பிலைப் பொடி அக்டோபரில் 52 ஆகி, நவம்பரில் 36க்கு வந்துவிட்டது.

"மழைக்காலத்துல அதை யாரும் கேக்கறதில்லை போல. ரேக்குல இடத்தை எதுக்கு அடைக்கணும்? அந்த இடத்துல பருப்புப் பொடியை வச்சுக்கலாம்" என்றார் ஒரு செயற்குழு உறுப்பினர். மற்றவர்களும் சரி என்றார்கள். நாங்களும் தலையாட்டினோம். 70, 52, 36 என்று எழுதி வைத்துப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தானே தோன்றும்?

தீர்மானம் எழுதப் போகும் நேரத்தில்தான் கடைப் பொறுப்பாளர் அக்கா வாயைத் திறந்தார். "கேக்காம இல்லைங்க. தினம் நாலு பேர் வந்து கேக்கறாங்க. இல்லைன்னு சொல்லி அனுப்பறேன். இருந்தாத்தானே விக்கறதுக்கு?"

இரண்டு பதிவேட்டையும் பக்கத்தில் வைத்தோம்

தீர்மானத்தை நிறுத்தி வைத்துவிட்டு, இருப்புப் பதிவேட்டை எடுத்து வரச் சொன்னோம். அதுவரை கூட்டத்தில் யாரும் அதைத் திறந்ததில்லை. விற்பனைப் பதிவேட்டை மட்டும்தான் வாசிப்போம். இருப்புப் பதிவேடு தணிக்கைக்கு வருபவர்களுக்கு என்று நினைத்து விட்டிருந்தோம்.

நவம்பர் 1ஆம் தேதி கறிவேப்பிலைப் பொடியின் இருப்பு 0. 4ஆம் தேதி 20 பாக்கெட் வந்திருக்கிறது. 7ஆம் தேதி தீர்ந்துவிட்டது. அதன் பிறகு 11 நாள் ஒன்றுமே இல்லை. 19ஆம் தேதி 16 பாக்கெட் வந்து, 22ஆம் தேதி தீர்ந்திருக்கிறது. மாதக் கடைசி வரை மறுபடி இல்லை.

அந்த மாதம் 30 நாளும் கடை திறந்திருந்தது. அதில் கறிவேப்பிலைப் பொடி ரேக்கில் இருந்தது 8 நாள்தான். மீதி 22 நாள் காலி. இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் 30 நாளும் இருந்தன.

இப்போது கணக்கை வேறு மாதிரி போட்டோம். மொத்த விற்பனையை மாதத்தின் நாட்களால் வகுக்காமல், பொருள் இருந்த நாட்களால் வகுத்தோம். இட்லிப் பொடி 90 பாக்கெட், 30 நாள். நாளுக்கு 3. பருப்புப் பொடி 66, 30 நாள். நாளுக்கு 2க்குச் சற்று மேல். கறிவேப்பிலைப் பொடி 36, 8 நாள். நாளுக்கு நாலரை!

கடைசி இடத்தில் இருந்த பொருள் முதல் இடத்துக்கு வந்துவிட்டது. அதைத்தான் நிறுத்தப் பார்த்தோம்.

இதில் அடிப்படையான விஷயம் ஒன்றுதான். எத்தனை பேர் கேட்டார்கள் என்பதை விற்பனைப் பதிவேடு சொல்லாது. கேட்டவர்களில் எத்தனை பேருக்கு நம்மால் கொடுக்க முடிந்தது என்பதை மட்டுமே அது சொல்லும். 36 பாக்கெட் கொண்டுவந்து வைத்தால், 36க்கு மேல் ஒரு பாக்கெட் கூட அதில் ஏறாது. நூறு பேர் கேட்டிருந்தாலும் ஏறாது. இல்லை என்று கேட்டுத் திரும்பியவருக்கு எந்தப் பதிவேட்டிலும் இடம் இல்லை.

மழை என்ன செய்தது?

"மழைக்காலத்துல யாரும் கேக்கறதில்லை" என்று சொன்னதை விட்டுவிட வேண்டாம். மழைக்கும் விற்பனை குறைந்ததற்கும் தொடர்பு இருக்கத்தான் செய்தது. ஆனால் நாம் நினைத்த இடத்தில் இல்லை.

கறிவேப்பிலையை நிழலில் காய வைக்க வேண்டும். வெயிலில் போட்டால் பச்சை நிறம் போய், வாசனையும் குறையும். நல்ல காற்று இருந்தால் மூன்று நாலு நாளில் கையில் நொறுங்கும் பதம் வந்துவிடும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கியதும் காற்றில் ஈரம் ஏறிவிடுகிறது. வாரக்கணக்கில் போட்டு வைத்தாலும் இலை துவண்டு கிடக்கும். கொஞ்சம் கவனிக்காவிட்டால் கருத்துப்போகும், பூசணம் பிடிக்கும். அரைகுறையாகக் காய்ந்ததை அரைத்தால் பொடி கட்டி தட்டும். அதனால் குழுவினர் நல்லதாகத் தேறியதை மட்டும் அரைத்தார்கள். அக்டோபரில் 52 பாக்கெட்டும் நவம்பரில் 36ம் தான் தேறின.

அதாவது மழை, வாங்குபவரின் வாயைக் கட்டவில்லை. நம்முடைய கையைக் கட்டியது. கணக்கில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், விற்பனை குறைவு என்று. இட்லிப் பொடிக்கும் பருப்புப் பொடிக்கும் பருப்பையும் மிளகாயையும் அடுப்பில் வறுத்துக்கொள்வதால் மழை அவற்றைத் தொடவில்லை. ஒரே மழையில் இரண்டு பொடி ஓடி, ஒன்று மட்டும் படுத்துவிட்டது என்றால், வாங்குபவர்களைச் சந்தேகிக்கும் முன் காயப்போட்ட இடத்தைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

இதில் இன்னொரு கெடுதலும் இருந்தது. அதை நாங்கள் பிறகுதான் கவனித்தோம். போன மாதம் எவ்வளவு விற்றதோ, அவ்வளவுதான் அடுத்த மாதம் கேட்பது என்று கடையில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். செப்டம்பரில் 70 விற்றதால் அக்டோபருக்கு 70 கேட்டோம், 52 வந்தது. அதனால் நவம்பருக்கு 52 கேட்டோம், 36 வந்தது. அதே வழக்கப்படி டிசம்பருக்கு 36தான் கேட்டிருப்போம். ஜனவரியில் மழை நின்று இலை நன்றாகக் காய்ந்தாலும், நாங்கள் கேட்பது 36 ஆகத்தான் இருந்திருக்கும். அது பத்துப் பன்னிரண்டு நாளில் தீரும். மாதக் கடைசியில் பதிவேடு "36 விற்றது" என்று காட்டும். அடுத்த மாதமும் 36. நாமே ஒரு குறைவான எண்ணைக் கொடுத்து, அதே எண்ணைத் திருப்பி வாங்கி, "பார்த்தீர்களா, இதற்கு மேல் ஓடாது" என்று சொல்லிக்கொண்டிருந்திருப்போம்.

நாலரையை அப்படியே நம்பலாமா?

கூட்டத்தில் உற்சாகம் வந்துவிட்டது. "நாளுக்கு நாலரைன்னா மாசத்துக்கு 135 பாக்கெட். உடனே 135 போடச் சொல்லுங்க" என்றார்கள். முதலில் குறைத்து எடை போட்டோம், அடுத்த பத்து நிமிடத்தில் கூட்டி எடை போடத் தயாராகிவிட்டோம். பொருள் இருந்த அந்த 8 நாளையும் ஒவ்வொரு நாளாகப் பார்க்கச் சொன்னோம்.

நவம்பர் 4 – 9 பாக்கெட்
நவம்பர் 5 – 5
நவம்பர் 6 – 3
நவம்பர் 7 – 3 (மதியத்துக்குள் தீர்ந்தது)
நவம்பர் 19 – 8
நவம்பர் 20 – 3
நவம்பர் 21 – 3
நவம்பர் 22 – 2 (காலை 11 மணிக்கே தீர்ந்தது)

பொருள் வந்த முதல் நாள் மட்டும் 9, 8 என்று இருக்கிறது. இது ஒரு நாள் தேவை அல்ல. இல்லாத நாட்களில் வந்து கேட்டுப் போனவர்கள், "வந்துடுச்சா?" என்று காத்திருந்தவர்கள் எல்லாம் அன்றைக்கு வந்து வாங்கியிருக்கிறார்கள். சிலர் மறுபடி கிடைக்காதோ என்று இரண்டு பாக்கெட்டாக எடுத்திருக்கிறார்கள். ஆகவே முதல் நாள் எண் வீங்கிய எண்.

கடைசி நாளோ இதற்கு நேர் எதிர். 22ஆம் தேதி 2தான் விற்றது. ஆனால் 11 மணிக்கே தீர்ந்துவிட்டது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கும் கடையில் சாயங்காலம்தான் கூட்டம். அன்றைக்குச் சாயங்காலம் வந்தவர்களுக்குப் பொருளே இல்லை. ஆகவே கடைசி நாள் எண் குறைந்த எண்.

முதல் நாளையும் கடைசி நாளையும் ஒதுக்கிவிட்டு, நடு நாட்களை மட்டும் எடுத்தோம். 5, 3, 3, 3. மொத்தம் 14, நாலு நாள். நாளுக்கு மூன்றரை. அந்த 5 என்பதிலும் காத்திருந்தவர்கள் ஓரிருவர் இருக்கலாம். ஆகவே 3 முதல் மூன்றரை வரை என்று வைத்துக்கொண்டோம். மாதத்துக்கு 90லிருந்து 105.

நாலு நாள் கணக்கை வைத்து ஒரு மாதத்தைச் சொல்வது ஒரு ஊகம்தான் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஒரு வாரத்தில் கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் வந்து மொத்தமாக வாங்கியிருந்தால் கூட எண் மாறிவிடும். ஆனால் 36 என்ற எண்ணை விட இந்த ஊகம் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 135 என்பதை விடவும் பக்கத்தில் இருக்கிறது.

பருப்புப் பொடிக்கு வந்த இரவல் விற்பனை

"கறிவேப்பிலைப் பொடி இடத்தில் பருப்புப் பொடியை வைக்கலாம்" என்று சொன்னதையும் அன்றைக்கே சோதித்துப் பார்த்தோம். கறிவேப்பிலைப் பொடி இருந்த 8 நாளில் பருப்புப் பொடி எவ்வளவு போனது என்று கூட்டினோம். 10 பாக்கெட். நாளுக்கு ஒன்றேகால். கறிவேப்பிலைப் பொடி இல்லாத 22 நாளில் 56 பாக்கெட். நாளுக்கு இரண்டரை.

காரணம் புரிந்திருக்கும். கறிவேப்பிலைப் பொடி கேட்டு வந்தவருக்கு அது இல்லை என்றால், பாதிப் பேர் வெறுங்கையோடு போவார்கள். பாதிப் பேர் "சரி, பருப்புப் பொடி குடுங்க" என்பார்கள். ஆக ஒரு பொருள் தீர்ந்துபோனால் அதன் கணக்கு மட்டும் கெடுவதில்லை. பக்கத்தில் இருக்கும் பொருளின் கணக்கும் கெடுகிறது. ஒன்று உள்ளதைவிடக் குறைத்துக் காட்டுகிறது, மற்றொன்று உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுகிறது. பருப்புப் பொடியின் 66ல் ஒரு பங்கு இரவல்.

இதனால் லாபக் கணக்கிலும் நிதானம் வேண்டும். கறிவேப்பிலைப் பொடி 36லிருந்து 95க்கு ஏறினால் 59 பாக்கெட் கூடுதல் என்று சந்தோஷப்படக் கூடாது. பருப்புப் பொடி 66லிருந்து 40க்கு இறங்கும். நிகரமாகக் கூடுவது 33 பாக்கெட்தான். ஒரு பாக்கெட்டுக்குக் குழுவுக்கு 12 ரூபாய் நிற்கிறது. 33 பாக்கெட்டுக்கு 396 ரூபாய். பெரிய தொகை இல்லை. ஆனால் பொருளை நிறுத்தியிருந்தால் அந்த ஐந்து பேரும் எதை இழந்திருப்பார்கள் என்று பார்த்தால், ஏற்கனவே விற்றுக்கொண்டிருந்த 36க்கும் மேலாக, அந்தப் பொடிக்காகவே நம் கடைப் படி ஏறுகிறவர்களையும் இழந்திருப்பார்கள்.

பாக்கி ஆர்டர் செய்யும் குழப்பம்

இதுவரை "இல்லை" என்று அனுப்பியதைப் பார்த்தோம். "இல்லை, அடுத்த வாரம் தருகிறோம்" என்று ஆர்டர் எழுதிக்கொள்வதும் உண்டு. இது நல்ல பழக்கம். கேட்டவர் பெயர் பதிவாகிவிடுகிறது. ஆனால் இதிலும் கணக்கு ஏமாற்றும், அதுவும் எதிர்த் திசையில்.

வேறொரு குழு கடலை உருண்டை போட்டு டப்பாவில் அடைத்து ஒரு மளிகைக் கடைக்குக் கொடுத்து வந்தது. உருண்டை பிடிக்க ஆள் குறைவாக இருந்த ஒரு மாதம். முதல் வாரம் கடைக்காரர் 20 டப்பா கேட்டார். 10தான் கொடுக்க முடிந்தது. இரண்டாம் வாரம், பாக்கி 10, இந்த வாரத்துக்கு 20, ஆக 30 என்று எழுதினார்கள். கொடுத்தது 10. மூன்றாம் வாரம் பாக்கி 20, புதிது 20, ஆக 40. கொடுத்தது 10. நாலாம் வாரம் 50. கொடுத்தது 10.

மாதக் கடைசியில் ஆர்டர் நோட்டைக் கூட்டினார்கள். 20, 30, 40, 50. மொத்தம் 140! "மாசம் 140 டப்பா கேக்கறாங்க" என்று குழுவில் பேச்சு. உண்மையில் புதிதாகக் கேட்டது வாரம் 20 வீதம் 80தான். பழைய பாக்கியையே ஒவ்வொரு வாரமும் திரும்பத் திரும்பக் கூட்டியிருக்கிறார்கள். சந்தா பாக்கியை ஒவ்வொரு வாரமும் புது வரவாக எழுதினால் எப்படி இருக்கும், அதுபோல.

கதை அதோடு முடியவில்லை. உறவினர் இரண்டு பேரைக் கூலிக்கு வைத்து 40 டப்பா போட்டு ஐந்தாம் வாரம் கொண்டுபோனார்கள். கடைக்காரர் 15ஐ மட்டும் எடுத்துக்கொண்டார். "பழைய பாக்கி எதுக்கும்மா? அன்னைக்குக் கேட்டவங்க அன்னைக்கே வேற வாங்கிட்டுப் போயிட்டாங்க. வாரம் 15தான் ஓடும். நீங்க பாதிதான் தருவீங்கன்னு தெரிஞ்சு 20ன்னு சொன்னேன்" என்றார். அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. தட்டுப்பாடு வந்தால் எல்லோரும் இப்படித்தான் கேட்கிறார்கள். மீதி 25 டப்பாவில் பாதி, மாதம் ஒன்று தாண்டி, சிக்கு வாடை அடித்துப்போனது. கூலி கையை விட்டுப் போனது.

ஆகவே பாக்கி ஆர்டரை அப்படியே தேவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. புதிதாகக் கேட்டதையும் பழைய பாக்கியையும் தனித் தனிக் கட்டத்தில் எழுத வேண்டும். வாரம் ஒரு முறை "பழைய பாக்கி இன்னும் வேண்டுமா?" என்று கேட்டு, வேண்டாம் என்றால் அடித்துவிட வேண்டும். போட்டு முடித்துவிட்டுக் கேட்பதை விட, அரைப்பதற்கும் உருட்டுவதற்கும் முன்னாலேயே போன் செய்து கேட்டுவிடலாம்.

தேதியும் முக்கியம். நமது கடையில் டிசம்பர் 1ஆம் தேதி வந்த கறிவேப்பிலைப் பொடியில் 11 பாக்கெட், நவம்பரிலேயே பெயர் எழுதிப் போனவர்களுக்குத் தரப்பட்டது. பணம் வந்த தேதியைத்தான் விற்பனைப் பதிவேட்டில் எழுதுகிறோம், அது சரிதான். ஆனால் அந்த 11 பேரும் கேட்டது நவம்பரில். அடுத்த வருடம் திட்டம் போடும்போது "நவம்பரில் ஓடாது, டிசம்பரில் ஓடும்" என்று யாரும் சொல்லிவிடாமல் இருக்க, ஆர்டர் நோட்டில் கேட்ட தேதி, கொடுத்த தேதி இரண்டும் இருக்க வேண்டும்.

உண்மையாகவே ஓடாத பொருளும் உண்டு

இந்தப் பாடத்தை நடத்திய பிறகு ஒரு சங்கடம் வந்தது. எந்தக் குழுவைக் கேட்டாலும் "எங்க பொருள் ஓடலைன்னு சொல்லாதீங்க, ஸ்டாக் இல்லாததாலதான்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஸ்டாக் இல்லை என்று வாயால் சொன்னால் போதாது. இருப்புப் பதிவேடு அதைக் காட்ட வேண்டும்.

நமது கடையில் ஒரு குழுவின் மூலிகைக் குளியல் பொடி இருக்கிறது. அதே நவம்பரில் 9 பாக்கெட் விற்றது. இருப்புப் பதிவேட்டைப் பார்த்தால் எந்த நாளிலும் 20 பாக்கெட்டுக்குக் குறையாமல் இருந்திருக்கிறது. 30 நாளும் கண்ணுக்கு நேராக இருந்தும் 9தான் போயிருக்கிறது. இங்கே விற்பனை எண் உண்மையைச் சொல்கிறது. விலையா, வாசனையா, பாக்கெட்டா என்று பார்க்க வேண்டியது அந்தக் குழுவின் வேலை. கூட ஸ்டாக் அனுப்பி ஒன்றும் ஆகாது.

பதிவேட்டில் இருப்பு இருப்பதாலேயே பொருள் இருக்கிறது என்றும் நினைத்துவிடக் கூடாது. ஒருமுறை ராகி மாவு புத்தகத்தில் 6 பாக்கெட், ரேக்கில் ஒன்றும் இல்லை. தேடினால் பின் அறையில் எலி கடித்த மூட்டையில் கிடந்தது. மூன்று வாரமாக "இருக்கிறது, ஆனால் விற்கவில்லை" என்று கணக்கு சொல்லிக்கொண்டிருந்தது. வாரம் ஒரு நாள் கையால் எண்ணிப் பார்க்காமல் இந்தத் தவறு பிடிபடாது. மல்லித்தூளில் 100 கிராம் தீர்ந்து கால் கிலோ மட்டும் இருப்பதும் இதே வகைதான். 100 கிராம் கேட்பவருக்கு அது இல்லாத பொருள்தான்.

கொரோனா ஊரடங்கு 2020 மார்ச் 25ல் தொடங்கியது. அந்த ஏப்ரல் மாதக் கணக்கை இன்னும் சிலர் வருடாந்திரச் சராசரியில் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். கடை மூடியிருந்த மாதத்தின் 0, தேவை இல்லாத 0 அல்ல. சராசரியிலிருந்து அதை எடுத்துவிடுங்கள்.

பதிவேட்டில் என்ன மாற்றம் செய்தோம்?

புது நோட்டு எதுவும் போடவில்லை. ஏற்கனவே எழுதுகிற வேலையே அதிகம். தினசரி விற்பனைத் தாளில் இரண்டு பழக்கம் மட்டும் கொண்டுவந்தோம்.

பொருள் இருந்து யாரும் வாங்காவிட்டால் 0 என்று எழுத வேண்டும். பொருளே இல்லை என்றால் 0 எழுதாமல் "இ.இ." என்று எழுத வேண்டும், இருப்பு இல்லை என்பதன் சுருக்கம். மதியம் தீர்ந்துவிட்டால் எண்ணுக்குப் பக்கத்தில் தீர்ந்த மணியையும் குறிக்க வேண்டும். முன்பு எல்லாவற்றுக்கும் 0 என்றோ ஒரு கோடு என்றோ போட்டுக்கொண்டிருந்தோம். மாதக் கடைசியில் எது எது என்று யாருக்கும் தெரியாது.

அடுத்தது, இல்லாத பொருளை யாராவது கேட்டால் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் ஒரு கோடு. ஐந்து பேர் ஆனால் கட்டுக்கோடு. கடைப் பொறுப்பாளர் அக்கா முதல் வாரம் மறந்து மறந்து போனார். பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்ட பிறகு பழகிவிட்டது. இந்தக் கோடும் முழு உண்மை இல்லை. ரேக்கில் இல்லாததைப் பார்த்து வாய் திறக்காமல் போகிறவர்கள் இதில் வர மாட்டார்கள். ஒரே ஆள் மூன்று நாள் வந்து கேட்டால் மூன்று கோடு விழும். இருந்தாலும் ஒன்றும் தெரியாமல் இருப்பதற்கு இது மேல்.

பிறகு என்ன ஆனது?

டிசம்பரில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மழை தொடர்ந்தது. குழுவினர் ஊராட்சி கூட்டமைப்புக் கட்டடத்தின் மாடி அறையைக் கேட்டு வாங்கி, நைலான் வலையை அடுக்கடுக்காகக் கட்டி, மின்விசிறி போட்டு இலையைக் காயவைத்தார்கள். கரண்ட் பில் யார் கட்டுவது என்று ஒரு வாக்குவாதம் வந்து ஓய்ந்தது. ஜனவரியில் 31 நாளில் 29 நாள் பொருள் இருந்தது. 88 பாக்கெட் விற்றது, நாளுக்கு 3. நாங்கள் எதிர்பார்த்த 95 வரவில்லை. பருப்புப் பொடி 47க்கு இறங்கியது. அதையும் சொல்லி வைத்திருந்ததால் யாரும் பதறவில்லை.

கடையில் பழைய வழக்கத்தையும் மாற்றிவிட்டோம். போன மாதம் விற்றதை அடுத்த மாதம் கேட்பது இப்போது இல்லை. சொன்ன நாளிலிருந்து பொடி வந்து சேர நல்ல காலத்தில் 7 நாள் ஆகிறது. நாளுக்கு 3 என்றால் அதற்குள் 21 போய்விடும். கூட்டம் கூடும் நாளுக்கென்று ஒரு 6 சேர்த்து, இருப்பு 27க்கு வந்தவுடன் குழுவுக்குப் போன் செய்ய வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வந்து சேர 12 நாள் ஆகும் என்பதால் அப்போது 42க்கு வரும்போதே சொல்லிவிட வேண்டும். ரேக்கின் ஓரத்தில் இந்த இரண்டு எண்ணையும் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

நீங்களே போட்டுப் பாருங்கள்

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் குழுவின் விற்பனைப் பதிவேட்டோடு இருப்புப் பதிவேட்டையும் கொண்டுவாருங்கள். அதற்கு முன் குழுவில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு குழுவின் வடகத்துக்கு ஒரே வெயில் மாதத்தின் கணக்கு இரண்டு கடைகளில் இப்படி இருக்கிறது. முதல் கடையில் 30 நாளும் இருப்பு இருந்தது, 45 பாக்கெட் விற்றது. இரண்டாவது கடையில் 10 நாள்தான் இருப்பு, 30 பாக்கெட் விற்றது. அதில் பொருள் வந்த முதல் நாள் மட்டும் 8 பாக்கெட். கடைசி நாள் மதியத்தோடு தீர்ந்தது, அன்றைக்கு 2. அடுத்த மாதத்துக்கு 100 பாக்கெட்தான் போட முடியும். எந்தக் கடைக்கு எவ்வளவு கொடுப்பீர்கள், இரண்டாவது கடைக்கு நாளுக்கு எத்தனை என்று வைத்துக்கொள்வீர்கள் என்பதை எழுதி எடுத்து வாருங்கள். கூட்டத்தில் எல்லோருடைய விடையையும் பலகையில் எழுதிப் பார்க்கலாம்.